சுண்டுவிரலுக்குக் கீழே

அண்ணன் கையில் திருமண ரேகையே தெரியவில்லை என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கைரேகைக்காரர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அண்ணன் நிம்மதியாகிவிட்டதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"விடு லா. இல்லாத கோட்டுக்கு நான் எங்க போறது?" என்று சட்டையை மாட்டினான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். நாற்பதைத் தாண்டியாயிற்று. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனதில், நமக்கில்லை என்று தானே முடிவு கட்டியிருந்தான். இந்த முறை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனைத் தாதி. அவளோடு போனில் பேசும்போது அவன் சிரித்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். அவளுடைய அம்மாதான் பொருத்தம் பார்க்காமல் முடியாது என்றார். அண்ணனுடைய பிறப்புப் பத்திரத்தில் ஒரு நேரம், எங்கள் அம்மா சொல்லிவிட்டுப் போனது வேறு நேரம். ஜாதகத்தை நம்ப முடியாது, கைரேகையாவது பார்க்கலாம் என்று பெண்ணின் அம்மாவே இந்தக் கைரேகைக்காரருடைய நம்பரைக் கொடுத்தார். ஷிப்ட் வேலையில் நேரில் போக முடியாமல் அண்ணன் படம் அனுப்பியிருந்தான்.

அந்தப் படத்தைக் காட்டு என்றேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. கண்டெய்னரைக் கட்டும் சங்கிலியை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை, பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. லோரி சீட்டில் உட்கார்ந்தபடி செல்பி கேமராவில் எடுத்திருக்கிறான். முகத்துச் சுருக்கத்தை அழிக்கும் பியூட்டி மோடு, ரேகையையும் அழித்துவிட்டது. போதாததற்கு ப்ளாஷ் வேறு.

உடனே கைரேகைக்காரரைக் கூப்பிட்டேன். "ஐயா, அந்தப் படம் தப்பு. வேற எடுத்து அனுப்புறேன்."

"எனக்கும் ஒரு சந்தேகம்மா. ஆம்பளைங்களுக்கு வலது கைதான் முதல்ல பார்ப்பேன். வந்த படத்துல கட்டவிரல் இடது பக்கம் இருந்துச்சு. இடது கைன்னுதான் நெனச்சேன்."

"வலதுதான் ஐயா. செல்பி கேமரா திருப்பிப் போட்டுருச்சு."

"அப்ப பின்னாடி கேமராவுல எடுங்க. அவர் எந்தக் கையால வேல செய்றாரு? வலதா? சரி, வலது முக்கியம், இடதும் வேணும். எது எதுன்னு எழுதிப் போடுங்க. சுண்டுவிரலுக்குக் கீழ, கையோட ஓரத்தத் தனியா எடுங்க. கல்யாணக் கோடு அங்கதான் இருக்கும், நேரா எடுத்தா மறைஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனை எழுப்பினேன். முரண்டு பிடித்தான், விடவில்லை. கிரீஸ் விரிசல்களில் தங்கினால் அதுவும் கோடு மாதிரி தெரியும் என்று, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். எண்ணெய் எதுவும் பூசாமல் நன்றாகத் துடைக்க வைத்தேன். நேர் வெயில் படாத ஜன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டு, கறுப்புத் துண்டை விரித்தேன். ப்ளாஷை அணைத்தேன்.

கையை வைத்ததும் சல்யூட் அடிப்பது போல விறைத்துக்கொண்டான். தோல் இழுபட்டு மெல்லிய கோடுகள் மங்கின. கொஞ்சம் தளர்த்து என்றால் குழித்துக்கொண்டான், நடுவில் நிழல் விழுந்தது. முழங்கையும் மேசைமேல் படியும்படி வைத்து, விரல்களை நானே லேசாகப் பிரித்துவிட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் கையைப் பிடிக்கிறேன். மரக்கட்டை மாதிரி இருந்தது. என் படிப்புச் செலவும் கல்யாணச் செலவும் இந்தக் கையிலிருந்து வந்தவைதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆடாத," என்று அவனையே அதட்டினேன்.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வரும்படி, கைக்கு நேர் மேலே போனைப் பிடித்தேன். என் நிழல் விழாமல் ஒதுங்கி, உள்ளங்கையைத் திரையில் தொட்டுத் தெளிவாக்கி எடுத்தேன். பிறகு இடது கை. கடைசியாக வலது கையை லேசாக மூடச் சொல்லி, அதன் ஓரத்தை. தெளிவு குறையாமல் இருக்க எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினேன்.

"இல்லன்னுதான் சொல்லுவாரு," என்று அண்ணன் டீ குடிக்கப் போனான். ஆனால் கப்பை எடுத்துக்கொண்டு திரும்ப என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான்.

குரல் செய்தி வந்தது. சத்தமாக வைத்தேன்.

"இப்ப நல்லா தெரியுதும்மா. வலது கையில ஒரே கோடு, நல்ல ஆழமா இருக்கு. தாமதம்தான், ஆனா நிலைக்கும். பொண்ணோட அம்மாகிட்ட நானே பேசுறேன்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா கேக்கல," என்றான். "இன்னொரு தடவ போடு."