நாற்பது சுற்று, ஒரு குண்டூசியும் இல்லை

எண்பதுகளின் தொடக்கம். நான் ஆசிரியர் கலாசாலை மாணவி, புதுப்பெண்ணும்கூட. கற்பித்தல் பயிற்சிக்குக் கல்முனையில் ஒரு பாடசாலை கிடைத்தது. கடைசிப் பாடத்தை விரிவுரையாளர் வந்து பார்ப்பார். அதில் தவறினால் இன்னொரு வருடம் இழுபட வேண்டும். எனக்கு வாய்த்த பாடம் மின்காந்தம்.

அந்தப் பாடத்துக்கு முதல்நாள் மாலை, ஓர் இரும்பாணியில் எனாமல் பூசிய செப்புக் கம்பியை இருபது சுற்றுச் சுற்றினேன். அடுத்த ஆணிக்கு நாற்பது வேண்டும். அடுப்பில் மீன் ஆணம் கொதித்தது. புடவைக்கடை வைத்திருந்த என் மாப்பிள்ளை ஆணியைப் பறித்துக்கொண்டார்.

“நீ போய் ஆணத்தப் பாரு புள்ள. இதென்ன பெரிய காரியமா?”

சும்மா சொல்லக்கூடாது, கீழே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு என்று அழகாகத்தான் சுற்றியிருந்தார். கம்பி முனைகளின் எனாமலை நானே சுரண்டினேன்.

மறுநாள் வகுப்பு நன்றாகத்தான் தொடங்கியது. ஒரு பற்றரியில் இருபது சுற்று நாலைந்து குண்டூசி தூக்கியது. இரண்டு பற்றரியில் இன்னும் கூடத் தூக்கியது. கம்பியைக் கழற்றியதும் பொலபொலவென்று கொட்டின. இப்போது நாற்பது சுற்று. “கூடத் தூக்கும் டீச்சர்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

ஒன்றுகூட ஒட்டவில்லை. யா அல்லாஹ்! பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த விரிவுரையாளரின் பேனை ஓடியது.

“நேரம் போகுது, பாடத்த முடிக்கலாமே” என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. “இருங்க சேர். காரணத்தக் கண்டுபிடிக்காம முடிக்க மாட்டன்.”

அதே பற்றரிகளில் பழைய ஆணியை மாட்டினேன், ஊசிகள் ஏறின. ஆக, பற்றரியில் பிழையில்லை, புதிய சுருளில்தான் பிழை. பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கம்பியைக் கழற்றினேன். மேலடுக்கு ஒரு பக்கமாகச் சுழன்று வந்தது, கீழடுக்கு மறுபக்கமாக. ஓரடுக்கு உண்டாக்கிய காந்தத்தை மற்றது அழித்துவிட்டது. இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றினேன். ஊசிகள் கொத்தாகத் தொங்கின. எதிர்பார்த்தது, நடந்தது, காரணம் மூன்றையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன். பிறகு மின்மணியைத் திறந்து காட்டினேன்: காந்தம் சுத்தியலை இழுக்கிறது, இழுத்ததும் மின்சுற்று அறுகிறது, சுத்தியல் திரும்பினால் மறுபடி இழுக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் இப்படியொரு சுருள் உண்டு என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

விரிவுரையாளர் போகும்போது, “நீங்க சித்தி, பாஸ். அந்தப் பிழை வராட்டி இது சாதாரணப் பாடம்தான்” என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வசவு தயாராக வைத்திருந்தேன். மாப்பிள்ளை சாப்பிடாமல் வாசலில் நின்றார்.

“என்ட கம்பி எத்தின ஊசி தூக்கின?”

“ஒண்டும் தூக்கல்ல.”

அவர் முகம் செத்துவிட்டது. “என்னாலயா பெயில்?” என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“பாஸ். உங்கட பிழையாலதான் பாஸ்.”

“அத முதல்ல சொல்றத்துக்கென்ன, புள்ள” என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். அவர் கண் நிறைந்திருந்தது.