ஹாரன் வீடு திரும்பிய கதை

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் பெயர் ஹாரன். இந்த முனையில் அவர் தும்மினால் அந்த முனையில் இருப்பவர்கள் வாழ்த்துவார்கள், அப்படிப்பட்ட தொண்டை.

மனைவி போன பிறகு, தான் கட்டிய மாடி வீட்டைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். மேல்மாடி மகனுக்கு, கீழ்வீடு மகளுக்கு. பத்திரம் எழுதுபவர், "சாப்பாடு, மருந்து, தங்க இடம் கொடுத்துக் கடைசிவரை பாத்துக்கணும்னு ஒரு நிபந்தனை சேத்துடலாம் சார்" என்றார். மகனுக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்களை நம்பலையா அப்பா?"

"நம்பிக்கை இருக்குடா. ஆனா பிரேக் இல்லாத வண்டியை நான் எடுத்ததே இல்லை."

நிபந்தனையோடுதான் பத்திரம் பதிவானது.

கொஞ்ச நாளில் மருமகன், கீழ்வீட்டில் அவர் தங்கியிருந்த முன்னறையை அலுவலகமாக்கினான். "பத்து நாளைக்குப் பின்னாடி இருங்க மாமா" என்றான். பின்னாடி என்றால் தண்ணீர் மோட்டார் ரூம். பத்து நாள் பல மாதமானது. அப்பா கீழே சாப்பிட்டிருப்பார் என்று மகன் நினைத்துக்கொண்டான். மேலே சாப்பிட்டிருப்பார் என்று மகள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது இருவருக்கும் வசதியாகவும் இருந்தது. ஹாரன் பஸ் டிப்போ கேன்டீனுக்கு நடந்தார். "வீட்டுச் சாப்பாடு அலுத்துப்போச்சுப்பா" என்று பழைய சிநேகிதர்களிடம் சிரித்தார். மானம் சும்மா விடுமா?

ஒருநாள் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரம்மாதான் முதலில் கவனித்தாள். "என்ன, தெருவே அமைதியா கிடக்கு?" என்று பின்பக்கம் போய்ப் பார்த்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிள்ளைகளுக்கு மறுநாள் சாயங்காலம்தான் விஷயமே தெரிந்தது.

"மூத்த குடிமக்கள் தீர்ப்பாயத்துல எழுதிக் கொடுங்கண்ணே" என்றாள் அவள்.

"பெத்த பிள்ளைங்க மேல கேஸா?"

"அவங்களுக்கு அப்பா ஞாபகம் வரட்டுமே. கூண்டுல ஏத்தவா சொல்றேன்?"

இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு மனு கொடுத்தார். "வக்கீல் வேண்டியதில்ல, நீங்களே பேசலாம்" என்றார் அலுவலக எழுத்தர். "பேசறதுன்னா எனக்குச் சொல்லியா தரணும்?" என்று இவர் கேட்டதில் பக்கத்து அறைக் கதவு திறந்தது.

நோட்டீஸ் போய்ப் பிள்ளைகள் வந்தார்கள். தீர்ப்பாய அதிகாரியான பெண்மணி முதலில் சமாதானம் பேச அனுப்பினார். "இனிமே பாத்துக்கறோம்" என்று இருவரும் தலையாட்டினார்கள். அந்த வாரம் மோட்டார் ரூமுக்குப் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு தட்டு வந்தது. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் ஹாரன் மறுபடியும் கேன்டீனில்.

அடுத்த விசாரணையில் அதிகாரி நேராகக் கேட்டார். "இன்னிக்குக் காலையில அப்பாவுக்கு யார் சாப்பாடு போட்டது?"

"தங்கச்சி மேடம்" என்றான் மகன்.

"அண்ணன் மேடம்" என்றாள் மகள், அதே மூச்சில்.

அறையே சிரித்தது. ஹாரனும் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாசாமாசம் பராமரிப்புக்கு மட்டும் உத்தரவு போடலாம். இல்ல, நிபந்தனையை மீறினதால தானத்தையே ரத்து செய்யலாம். உங்க விருப்பம் என்ன?" என்றார் அதிகாரி.

"ரத்து பண்ணிடுங்கம்மா. வீடு என்னோடதா இருந்தாத்தான் இவங்க அப்பாவா நான் இருக்க முடியும்போல. ஆனா யாரையும் வெளிய தள்ளச் சொல்லல."

ஆஸ்பத்திரிச் சீட்டையும் பத்திரத்தையும் பார்த்து, இஸ்திரிக்காரம்மாவையும் விசாரித்த பிறகு உத்தரவு வந்தது. தானப் பத்திரம் செல்லாது. பதிவு அலுவலகத்திலும் அதைக் குறித்துக்கொண்டார்கள். வீடு மறுபடி அவர் பெயருக்கு வந்தது.

மருமகன் முன்னறையைக் காலி செய்தான். மகன் கோபித்துக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனான். போனவன் இரண்டு மாதத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான்.

"இப்ப வீடு யாருக்குப்பா?"

"எனக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்கும்தான். அவசரமா?"

மகன் அடக்கப் பார்த்தும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இல்லப்பா, மெதுவா இருங்க."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, தட்டு வெச்சாச்சு. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

"வர்றோம்!" என்றார் ஹாரன். எதிர்வீட்டுக் குழந்தை திடுக்கிட்டு விழித்து அழ ஆரம்பித்தது.