ஆலங்குடியில் இரண்டு ஏ

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி. படித்தேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் கல்லூரியிலேயே ஒரு தேர்வு வைப்பார்கள். அதற்கு செலெக்‌ஷன் என்று பெயர். அதில் ஒரு பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே போனாலும் பொதுத்தேர்வுக்கு அனுப்பமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும்.

என் அறைத்தோழன் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரன். வானம் பார்த்த நிலமும் கொஞ்சம் முந்திரிக்கொல்லையும் உள்ள குடும்பம். அவனுக்குத் தந்தை இல்லை. மூத்த அண்ணன் அவனைக் கல்லூரியில் சேர்க்கும்போது ஒரு வருடம் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடத்தில் தேறினால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் கொல்லைக்குத் திரும்ப வேண்டும். இதை அவன் புகாராகச் சொன்னதில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லுவான்.

கணக்கில் அவன் மந்தம். விதியைச் சொன்னால் ஏற்கமாட்டான், எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்பான். அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும்.

எழுத்துகளை மாற்றி அடுக்கும் கணக்கை எங்கள் கணித ஆசிரியர் ஊர்ப்பெயர்களை வைத்து நடத்தினார். முதல் நாள் கரும்பலகையில் அரிமளம் என்று தமிழில் எழுதி, "எத்தனை எழுத்து?" என்றார்.

"அஞ்சு சார்."

"எல்லாம் வேற வேற. அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, எல்லாத்தையும் பெருக்கு. நூத்தி இருபது. இப்ப ஆலங்குடி?"

"அதுவும் அஞ்சு, நூத்தி இருபது," என்றேன் நான்.

"தமிழ்ல நூத்தி இருபது. பரீட்சை இங்கிலீஷ்லல்ல வருது?" என்று ஆலங்குடியை ஆங்கிலத்தில் எழுதினார். ஏ, எல், ஏ, என், ஜி, யு, டி, ஐ. எட்டு எழுத்து, ஏ இரண்டு முறை.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "நம்ம ஊரு இங்கிலீஷ்ல போனா வீங்கிப் போவுது சார்," என்றான். ஆசிரியரும் சிரித்தார்.

அவர் விளக்கியது எளிது. எட்டும் வேறு வேறாக இருந்தால் நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது விதம். ஆனால் இரண்டு ஏ-யையும் இடம் மாற்றி வைத்தால் கண்ணுக்கு அதே சொல்தான் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். ஆகவே இரண்டால் வகுக்க வேண்டும். இருபதாயிரத்து நூற்று அறுபது. இதைச் சொல்லிவிட்டு, "ரெட்டை இருந்தா வகு" என்றார். அந்த மூன்று சொற்களை வகுப்பே பாடம் செய்துகொண்டது. சாப்பாட்டு வரிசையில் இரட்டைப் பிறவிகள் இருவர் நின்றால்கூட, "ரெட்டை இருந்தா வகு, ஒருத்தனுக்கு மட்டும் சோறு போடு" என்பார்கள்.

செலெக்‌ஷனில் அதே ஆலங்குடி வந்தது. மொத்தம் எத்தனை விதம், நாலு மதிப்பெண். இரண்டு ஏ-யும் சேர்ந்தே வருவது எத்தனை, மூன்று. சேராமல் வருவது எத்தனை, மூன்று. முதல் பகுதியை எல்லோரும் எழுதினோம். இரண்டாவதற்கு இரண்டு ஏ-யையும் ஒரு கட்டாகக் கட்டினால் ஏழு பொருள், ஐயாயிரத்து நாற்பது விதம். இரட்டை இருக்கிறதே என்று நான் இரண்டால் வகுத்தேன். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தேன். பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது. பத்துக்குப் பத்து கிடைத்தது.

என் அறைத்தோழனுக்கு நாலு கிடைத்தது. கணக்கில் மொத்தம் முப்பத்தொன்று. எனக்கு முப்பத்தொன்பது.

விடைத்தாளைக் கையில் கொடுத்த நாளன்று மாலை, அறையில் அவன் என் நோட்டைத் திருப்பி ஒரு மூலையில் எழுதினான். ஏ, ஏ, எல்.

"மூணே எழுத்து. ரெட்டை இருக்கு. ஆறை ரெண்டால வகுத்தா மூணு. எழுதிப் பாரு. ஏ ஏ எல், ஏ எல் ஏ, எல் ஏ ஏ. சரியா மூணு."

"ஆமா."

"இதுல ஏ ரெண்டும் ஒட்டி நிக்கிறது எத்தனை?"

"முதலும் கடைசியும். ரெண்டு."

"நீ எழுதினபடி கட்டிட்டு வகுத்தா?"

கட்டு ஒன்று, எல் ஒன்று. இரண்டு பொருள், இரண்டு விதம். இரண்டால் வகுத்தால் ஒன்று.

"கட்டினப்பறம் ரெட்டை எங்கடா இருக்கு? ஏழும் வேற வேறதானே? எதை ரெண்டு தடவ எண்ணிட்டோம்னு வகுக்கிற?"

அவன் விடைத்தாளில் ஐயாயிரத்து நாற்பது என்றும், அதைக் கழித்துப் பதினையாயிரத்து நூற்று இருபது என்றும் இருந்தது. இரண்டும் சரி. ஆறு மதிப்பெண் சேர்த்தால் முப்பத்தேழு.

மறுநாள் இருவரும் ஆசிரியர் அறைக்குப் போனோம். வாருங்கள் என்று உட்காரச் சொன்னார். அவன் மூன்றெழுத்தை எழுதிக் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

"நீங்க போட்டதுதான் சரி தம்பி. எட்டுக்கு வகுத்த கை ஏழுக்கும் வகுத்திருச்சு. அந்த விடைய வச்சே எல்லாத்தையும் திருத்திட்டேன்."

"அப்ப மார்க்கு சார்?"

"லிஸ்டு கையெழுத்தாகிப் போயிருச்சு." மேஜையிலிருந்த மார்க்கு நோட்டை இழுத்து விரலால் வரிசையாக இறங்கினார். "இதைத் திறந்தா உங்களுக்கு மட்டும் கூட்டிவிட முடியாது. வகுத்தவனுக்கெல்லாம் ஆறு குறைக்கணும். உங்க கூட்டாளிக்கு முப்பத்தொம்பது. முப்பத்துமூணு ஆயிரும். இவர மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேரு இருக்காங்க."

அதன்பின் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அறையில் மின்விசிறி இல்லை. வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. குறைச்சிருங்க சார் என்று சொல்ல எனக்கு இரண்டே சொல் போதும். நான் மார்க்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயருக்கு நேரே நீல மையில் முப்பத்தொன்பது இருந்தது. அவன்தான் எழுந்தான்.

"பரவால்ல சார். சரின்னு சொன்னீங்கள்ல, அது போதும்."

போதாது என்பது மூவருக்கும் தெரியும். ஆசிரியர் வாசல்வரை வந்தார். எதற்கோ வாயைத் திறந்து, "வெயிலு சாஸ்தி," என்றார்.

வழியில் அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். இரண்டு நாள் கழித்து டிரங்குப் பெட்டியைக் கட்டினான். பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தேன்.

"அண்ணன்ட்ட என்ன சொல்லுவ?"

"பெயிலுன்னுதான். சரியா எழுதிப் பெயிலாயிட்டேன்னா நம்புவாரா? நீயே நம்புவியா?"

"நான் நம்புறேன்டா."

"ஒனக்குத் தெரியும். அது வேற," என்றான். கண்டக்டர் விசில் அடித்தார்.

பிற்பாடு பத்திரிகை வேலையில் எத்தனையோ திருத்தங்கள் எழுதினேன். தவறுக்கு வருந்துகிறோம் என்று முடியும் இரண்டு வரிகள். தவறு யாருக்கு என்ன செய்தது என்று எழுத அங்கே இடம் இருக்காது.

அவன் ஊருக்குப் போன அந்த வாரத்தில் ஆசிரியர் வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் ஏ, ஏ, எல் என்று எழுதினார். மூன்று விதங்களையும் அடுக்கி, ஒட்டி நிற்கும் இரண்டை வட்டமிட்டார். "ஒரே மாதிரி எழுத்தைக் கட்டியாச்சுன்னா, அந்தக் கட்டுக்காக வகுக்கக் கூடாது. வேற ரெட்டை மிச்சம் இருந்தா அதுக்கு மட்டும் வகு. எழுதிக்குங்க," என்றார்.

முன் பெஞ்சுக்காரன் எழுந்தான். "சார், அப்ப செலெக்‌ஷன்ல நாங்க எழுதினது?"

"அது முடிஞ்சது. எழுதிக்குங்க."

நாங்கள் எழுதிக்கொண்டோம்.