முப்பத்தாறு மில்லிமீட்டர்

என் வீட்டுக்காரர் பத்ரிநாத் தானாக நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான். புனே பக்கம் போசரியில், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளுக்குக் காற்று ஊதும் புளோயர் செய்யும் கம்பெனியில் டிராயிங் போடுபவர். கல்யாணத்துக்கு முன், தொண்ணூற்றேழில், அங்கே தமிழ் பேச அவருக்கு ஒரே ஆள் முகுந்த், புரொடக்‌ஷன்காரர். மத்தியானம் இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிடுவார்கள். மற்றபடி காலையில் அறையைப் பூட்டி மாலையில் திறக்கும்வரை இந்திதான். அந்த ஒரு அரைமணி நேரத்துக்காகவே வேலைக்குப் போனேன் என்று ஒருமுறை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வருஷம் ஒரு புது புளோயர். பேரிங்கின் உள்விட்டம் முப்பது, வெளிவிட்டம் அறுபத்திரண்டு, அகலம் பதினாறு. இவர் கேட்லாக்கைப் பார்த்து, பேரிங் உட்காரும் கூடான ஹவுசிங்கின் துளை அறுபத்திரண்டு, ஆழம் பதினாறுக்குக் குறையக்கூடாது என்று குறித்தார். அடியில் வெளி வளையம் உட்காரும் விளிம்பின் துளை ஐம்பத்தாறு. சுழலும் தண்டான ஷாஃப்டில் உள் வளையம் சாய ஒரு படி, அதன் விட்டம் முப்பத்தாறு.

முப்பத்தாறு கிடைக்க நாற்பது மில்லிமீட்டர் ராடைக் கடைய வேண்டும். ஸ்டோரில் இருந்தது முப்பத்திரண்டுதான். முகுந்த் யாரையும் கேட்காமல் அதிலேயே நூற்றிருபது ஷாஃப்ட் கடைந்துவிட்டார். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் மெல்ல ஆரம்பித்தார்.

“பத்ரி, டிராயிங்ல முப்பத்தாறை முப்பத்திரண்டா மாத்திடுப்பா. சுத்தி ஒரு மில்லிமீட்டர் படி இருக்கே, போதாதா?”

“போதாது. பேரிங்கோட மூலையே ஒரு மில்லிமீட்டருக்கு வளைஞ்சிருக்கு. உன் படி மொத்தமும் அந்த வளைவுக்குள்ள போயிடும். வளையம் தட்டையா சாயறதுக்கு இடமே இல்லை.”

“ஓடத்தான் செய்யும்.”

“ஓடும். இறக்கை காத்தைத் தள்ளத் தள்ள ஷாஃப்ட் நகரும். அப்புறம் அது பக்கத்துல நிக்கறவன்?”

“எனக்கு மெமோ வரும், பத்ரி. வீட்டுல ரெண்டு குழந்தைங்க.”

இவர் டப்பாவை மூடிவிட்டார். டிராயிங்கை மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று எனக்கே பல நாள் கோபம் வரும். அப்புறம் புளோயர் பக்கத்தில் நிற்கப்போகும் ஃபவுண்டரி ஆளை நினைத்துக்கொள்வேன், கோபம் அடங்கிவிடும். இவர் மாற்றவில்லை. ஷாஃப்டுகள் கழிவுக்குப் போயின. முகுந்துக்கு மெமோ வந்தது.

மறுநாள் இவர் பெஞ்சில் முகுந்துக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். முகுந்த் வேறு மேஜைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அப்படியே.

எட்டாவது நாள் முகுந்த் டிராயிங் போர்டு பக்கம் வந்தார். இவருக்கு உயிர் திரும்பி வந்தது போல் இருந்ததாம், எழுந்தே நின்றுவிட்டார்.

“பத்ரிநாத் சாப், அக்லா டிராயிங் கப் மிலேகா?” என்று முகுந்த் கேட்டார், அடுத்த டிராயிங் எப்போது கிடைக்கும் என்று, இந்தியில்.

கிடைக்கும் நாளை இவரும் இந்தியிலேயே சொன்னார். அதன்பின் எட்டு வருஷம் அதே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒரு நாளும் தமிழில் பேசிக்கொள்ளவில்லை.