முக்கால் இன்ச் பைப்பில் ஆறு சர்க்யூட்

சுவர் சுடுகிறது என்று முதலில் சொன்னவர் இஸ்திரி போடும் அக்காதான். வேலைக்கு நடுவே முதுகைச் சுவரில் சாய்த்தவர் பதறி விலகி, மேலே ஓடும் வயரிங் பைப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அது சூடாக இருந்தது. சூடாக மட்டுமல்ல, இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே துவண்டு, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு போலத் தொங்கவும் தொடங்கியிருந்தது.

காட்டுப்பாக்கத்தில் இருந்தது அந்தக் கூடம். தைத்து முடித்த சட்டைகள் அங்கே வந்து, இஸ்திரி போடப்பட்டு, மடிக்கப்பட்டு, பெட்டியில் ஏறும். பன்னிரண்டு மேஜைகள், பன்னிரண்டு நீராவி இஸ்திரிப் பெட்டிகள், அவற்றின் பின்னால் பன்னிரண்டு பெண்கள். தலைக்கு மேலே நீராவிக்கான தண்ணீர்ப் புட்டிகள் தொங்கும். அதற்கும் மேலே சிமெண்ட் ஷீட் கூரை. பங்குனி வெயிலில் அந்தக் கூரையின் கீழ் நிற்பதே ஒரு வேலை. அங்கே வயரிங் செய்தது அம்பத்தூரில் இருக்கும் எங்கள் சிறிய காண்ட்ராக்ட் நிறுவனம். நான் அங்கே இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து ஓராண்டு நிறையவில்லை. கல்லூரி மேடைகளில் எதிரணியை வாயடைத்து நிற்கவைத்த பழக்கம் என்னிடம் அப்படியே இருந்தது. காரணம் சொன்னால் உலகம் ஏற்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வழக்கு பாதி முடிந்திருந்தது. கூடத்தின் உரிமையாளரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள்; பூந்தமல்லியில் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பம். அவர் எதிரே எங்கள் முதலாளி. இருவருக்கும் நடுவே, கையைக் கட்டிக்கொண்டு, அந்த வயரிங்கைச் செய்த எங்கள் வயர்மேன்.

பாயின் வாதம் எளிமையானது, எளிமையானதால் வலிமையானது.

“லோடு ஜாஸ்தியானா பிரேக்கர் விழணும். விழுந்துச்சா? ஒரு தபா கூட விழல. அப்போ லோடு கரெக்டு. லோடு கரெக்டா இருந்தும் கம்பி சுடுதுன்னா, கம்பி டூப்ளிகேட்டு. கம்பி வாங்கினு வந்தது யாரு? இவரு.”

“பாய், நான் புள்ளைங்கள வச்சிருக்கறவன்,” என்றார் வயர்மேன். “நல்ல கம்பிக்குப் பதிலா டூப்ளிகேட்டு போட்டு நான் இன்னா மாடி ஊடு கட்டப் போறேன்?”

“கட்டுனியோ கட்டலியோ, எனக்குத் தெரியாது. இங்க பன்னெண்டு பொம்பளைங்க நிக்கிறாங்க. நாளைக்கு நெருப்பு புடிச்சா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?”

எங்கள் முதலாளி எதுவும் மறுக்கவில்லை. வயர்மேனைப் பார்த்து, “நாளைலேருந்து வராத,” என்று சொல்ல வாய் திறந்துகொண்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. திருட்டுப் பட்டத்தோடு ஒரு மனிதர் வெளியே போவதற்குச் சில நிமிடங்களே இருந்தன.

நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பாய் அரைமனதோடு கொடுத்தார்.

மறுநாள் காலை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உறையின் பலத்தை அளக்கும் மெக்கர் கருவியால் கம்பிகளைச் சோதித்தேன். உறை இளகியிருந்தாலும் மின்சாரம் இன்னும் கசியவில்லை. பிறகு ஒரே ஒரு சர்க்யூட்டை மட்டும் போடச் சொன்னேன். இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் ஓடின. மற்ற பத்தும் ஓய்ந்திருந்தன. கிளாம்ப் மீட்டர் பதின்மூன்று ஆம்பியர் காட்டியது. பிரேக்கரின் வரம்பு பதினாறு. அந்த இரண்டு மேஜைகளும் காலை முழுவதும் நிற்காமல் ஓடின. உணவு இடைவேளைக்குச் சற்று முன் பாயை அழைத்துப் பைப்பைத் தொடச் சொன்னேன்.

தொட்டார். “சுடல,” என்றார். “சும்மா வெதுவெதுன்னு கீது.”

சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டையும் போடச் சொன்னேன். தீயணைப்பு உருளையை என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். அதே கம்பி, அதே பதின்மூன்று ஆம்பியர், ஆறு சர்க்யூட்டிலும் அதே அளவு. பிரேக்கர்கள் ஆறும் அசையாமல் நின்றன. மூன்று மணி வாக்கில் பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. பாய் கையைப் பைப்பில் வைத்து உடனே எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன்.

அதன் பிறகு பேசினேன். நன்றாகவே பேசினேன்.

கம்பி போலியானால் அது தனியாக ஓடும்போதும் சுட்டிருக்க வேண்டும் என்றேன். காலையில் சுடாத கம்பி மாலையில் சுட்டால் குற்றம் கம்பியில் இல்லை, அது இருக்கும் கூட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் போகும் எந்தக் கம்பியும் கொஞ்சம் சூட்டை வெளியே விடும். தனியாக இருந்தால் அந்தச் சூடு பைப்பின் வழியே வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். இந்த முக்கால் இன்ச் பைப்புக்குள் போக்குக்கு ஆறு, வரவுக்கு ஆறு எனப் பன்னிரண்டு கம்பிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சுடுகின்றன. நடுவில் இருப்பதன் சூடு எங்கே போகும்? பக்கத்துக் கம்பியும் சுடுகிறது. வெளியே கூரையும் சுடுகிறது. அதனால்தான் கம்பியின் தாங்குதிறனைக் கூட்டத்துக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரே பைப்பில் ஆறு சர்க்யூட் என்றால் பாதியை ஒட்டிக் குறையும். இந்த ஷீட்டின் கீழ் இருக்கும் வெக்கைக்காக மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கு மேலும் குறையும். தனியே இருபத்துநான்கு ஆம்பியர் தாங்கும் கம்பி இங்கே பதினொன்றைக்கூட நிம்மதியாகத் தாங்காது. நாம் அதில் பதின்மூன்றை நாள் முழுவதும் ஓட்டுகிறோம்.

“அப்போ பிரேக்கர் இன்னாத்துக்கு?” என்றார் பாய்.

“பிரேக்கர் தன் வழியே போகும் மின்சாரத்தை மட்டும்தான் பார்க்கும், பாய். பதின்மூன்று பதினாறுக்குள் அடக்கம். அதனால் அது விழாது. பைப்புக்குள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு சுடுகிறது என்பது வாசலோரம் பெட்டிக்குள் இருக்கும் அதற்குத் தெரியாது. அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.”

இஸ்திரி அக்கா, “ஷேர் ஆட்டோல நடுவுல மாட்டுன கதைதான்,” என்றார். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். வயர்மேன் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். அந்த நொடியில் நான் வென்றுவிட்டேன் என்று எண்ணினேன்.

பாய் மேஜையில் சாய்ந்து பைப்பை அண்ணாந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டதை முழுவதும் புரிந்துகொண்டவர். புரிந்துகொண்டதால்தான் அடுத்த கேள்வி வந்தது.

“சரிம்மா. கம்பி நல்ல கம்பி. ஒத்துக்கறேன். அப்போ இந்தப் பைப்புல ஆறத் திணிச்சது யாரு?”

நான் எத்தனையோ மறுப்புகளை எதிர்பார்த்து வந்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

முதலில் அந்தக் கூடத்தில் ஆறு மேஜைகள்தான், பைப்பில் மூன்று சர்க்யூட்தான். வெளிநாட்டு ஆர்டர் வந்து மேஜைகள் இரட்டித்தபோது, புதுப் பைப் போட நேரமில்லை என்று பழைய பைப்பிலேயே இழுத்திருக்கிறார்கள். வயர்மேன் அதை எனக்கு முந்தின நாளே சொல்லியிருந்தார், பெருமையாகவே. மூன்றையும் உருவி, ஆறாகக் கட்டி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி, ஒரு கம்பியின் தோல்கூடக் கீறாமல் அந்தச் சிறிய பைப்பில் இழுத்தாராம். அம்பத்தூரில் வேறு யாராலும் முடியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

“எங்க ஓனர்தான் போன்ல சொன்னாரு,” என்றார் வயர்மேன். “இருக்கற பைப்புலயே இழுத்துடுன்னு.”

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். “இழுன்னு சொன்னேன். எத்தினி போவும்னு பாத்து இழுன்னு சொல்லணுமா? நீ இன்னா நேத்து வேலைக்கு வந்தவனா?”

“நீங்க அவசரம்னீங்க.”

“அவசரம்னா மூளைய ஊட்ல வச்சிட்டு வருவியா?”

பணியை ஏற்றது நிறுவனம், உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, பொறுப்பும் நிறுவனத்துடையதே என்று நான் சொன்னேன். இப்போதும் அதுவே சரி என்று நம்புகிறேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், அடுத்து யார் வெளியே போகலாம் என்ற கணக்கு இருந்தது. பாய் குறுக்கே வந்தார்.

“யாரு சொன்னாங்கன்னு எனக்கு வேணாம். நாலு நாளுக்குள்ள தனித்தனிப் பைப்பா போடுங்க. இவரு மட்டும் வேணாம். தப்பா நெனைக்காதீங்க. என்னால இவரு கைய நம்பித் தூங்க முடியாது.”

நேற்று அவருடைய நேர்மையை நம்பாதவர், இன்று அவருடைய கையை நம்பவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றது என் விளக்கம்.

“நாளைலேருந்து வராத,” என்று முதலாளி இப்போது வயர்மேனிடம் சொல்லியேவிட்டார். வெளியே அவர் தன் வண்டியின் சீட்டுக்கு அடியில் கருவிகளை ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தார். அருகே போய் நின்றேன். “திருடன் என்ற பெயராவது போயிற்றே, அண்ணே,” என்றேன்.

அவர் சீட்டை அழுத்தி மூடினார்.

“மேடம், இந்தத் தொழில்ல கம்பில கைய வச்சவனக் கூட சேர்த்துக்குவாங்க. கண்ண அவன் மேல வச்சிக்கினு வேல வாங்கிக்குவாங்க. பைப்ப எரிச்சவன்னு பேரு வந்துச்சின்னா யாரு சேர்த்துப்பான்? நீங்க பேசுனது அத்தினியும் கரெக்டு. எனக்கே புரிஞ்சிது. நல்லா புரியற மாரிதான் சொன்னீங்க.”

அடுத்த சில நாட்களில் வேறு இரண்டு பேர் வந்து மூன்று பைப்புகளை விலக்கி விலக்கி ஓட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே சர்க்யூட். பழைய கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போடச் சொன்னேன். வெட்டிய துண்டுகளில் நடுவே இருந்தவற்றின் உறை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் துண்டுகளைப் பார்த்த எவருக்கும் தெரியும். பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் ஓடும்போது மூன்று பைப்புகளையும் நான் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி அக்காவும் பார்த்தார். அவருக்குச் சுவர் பிரச்சினை தீர்ந்தது. அது சிறிய விஷயம் அல்ல என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த இரண்டு காண்ட்ராக்டர்களிடம் வயர்மேனுக்காகப் பேசினேன். ஆவடியில் இருப்பவர் நான் பேரைச் சொல்லும் முன்பே, “காட்டுப்பாக்கம் பைப் ஆளா?” என்று கேட்டார். வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார். மாங்காட்டில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டார். ஆறு சர்க்யூட் கதையை அவருக்கும் நான் முதலிலிருந்து விளக்கினேன். தவறு ஒரு கையில் மட்டும் இல்லை, அவசரத்தில் இருந்தது, உத்தரவில் இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் சொன்னார்:

“நீங்க சொல்றது நியாயம்மா. வரச் சொல்லுங்க. கம்பிலாம் இழுக்க வேணாம். சாமான் தூக்கட்டும்.”

வயர்மேனிடம் போனில் அதை அப்படியே தெரிவித்தேன். எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று அவர் கேட்டார்.