தலைவரின் அறைக்குள் போன கழிப்பறை

மடத்துவெளியில் ஊர்ச் சங்கம் ஒன்று கட்ட நினைத்த பொது மண்டபத்தின் பரப்பளவு, அதற்காக ஒரு கோடு கீறப்படுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பன்னிரண்டாயிரம் சதுர அடி. வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பிய பளபளப்பான துண்டுப்பிரசுரத்தில் அது சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. யார் அளந்தது என்று கேட்டேன். ஒருவரும் அளக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர் கட்டிய மண்டபம் பதினோராயிரம் என்று கேள்விப்பட்டு, அதற்கு மேலே ஆயிரம் போட்டிருக்கிறார்கள்.

வரைபடம் எங்களிடம் வந்தது. ஊர்காவற்றுறையில் ஒரு சின்ன அலுவலகம். இரண்டு கதிரை, இரண்டு கொம்பியூட்டர், மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. ஒரு கதிரையில் நான். மற்றதில் முப்பது வருடமாகப் படம் கீறிவரும் அண்ணை. அவர் கதவு அட்டவணை தயாரிப்பதென்றால் பெரிய கிரியை. வரைபடத்தை மேசை முழுவதும் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கதவிலும் புள்ளி வைத்து, எண்ணி, அகலம் உயரம் எல்லாம் எக்செலில் ஒவ்வொன்றாகத் தட்டுவார். மூன்று நாள் போகும். நாலாம் நாள் யாராவது ஒரு கதவை மாற்றச் சொல்வார்கள்.

நான் அந்த மண்டபத்தைக் கொம்பியூட்டருக்குள் முழுக் கட்டடமாகவே எழுப்பினேன். அங்கே சுவர் என்றால் வெறும் இரண்டு கோடு அல்ல. தடிப்பும் உயரமும் உள்ள சுவர். கதவு என்றால் தன் அளவையும், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குத் திறக்கிறேன் என்பதையும் தெரிந்த கதவு. அட்டவணை கேட்டால் அந்தக் கொம்பியூட்டர் கட்டடமே தன்னைப் படித்துச் சொல்லும். சுவர்களால் சூழப்பட்ட இடத்தில் ஓர் அறையை வைத்துப் பெயர் கொடுத்தால், அதன் பரப்பளவும் அட்டவணையில் வந்து, அடியில் மொத்தமும் விழும்.

"ஐம்பத்திமூண்டு கதவு" என்றேன் பெருமையோடு.

அண்ணை சிவப்புப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "ஐம்பத்திரண்டு."

"அண்ணை, கொம்பியூட்டர் பிழை விடாது."

"ஓம், அது விடாது. நீர்தான் விடுவீர்."

அரை நாள் சண்டை பிடித்தோம். கடைசியில் பார்த்தால், களஞ்சிய அறையின் கதவை நான் பிரதி எடுத்து அதே இடத்தில் இன்னொரு முறை ஒட்டியிருந்தேன். படத்தில் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கதவு. அட்டவணையில் இரண்டாக எண்ணப்படும் என்று ஒட்டிய அன்றே ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. அதைப் படிக்காமலே மூடியவள் நான். அண்ணை பென்சிலைக் காதில் திரும்பச் செருகிய விதமே போதுமாயிருந்தது.

அடுத்த கிழமை சங்கத் தலைவர் வந்தார். இளைப்பாறிய அரசாங்க அதிகாரி. இளைப்பாறியதை அவர் மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மண்டபத்தில் அவருக்கென்று ஓர் அலுவலக அறை இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் பெண்கள் கழிப்பறை.

"பிள்ளை, என்ர அறை பெட்டிக்கடை மாதிரிக் கிடக்கு. வெளிநாட்டிலையிருந்து ஆக்கள் வந்தா எங்கை இருத்துறது? இந்தச் சுவரைக் கொஞ்சம் அங்காலை தள்ளும்."

"எவ்வளவு ஐயா?"

"பேந்து சொல்லுறன். முதல்ல அதை எடும்."

எடுத்தேன். புதுச் சுவரை அவர் அளவு சொன்னபிறகு கீறலாம் என்று பழையதை அழித்துவிட்டேன். மறுபடி ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. மறுபடி மூடினேன். ஒரு கதவோடு புத்தி வந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. அவரும் பிறகு அளவு சொல்லவில்லை. நானும் மறந்துபோனேன்.

மாதக் கடைசியில் ஊரின் பழைய வாசிகசாலையில் கூட்டம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி அதில் புரொஜெக்டரால் அட்டவணையைக் காட்டினோம். முன்வரிசையில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் மண்டபத்தைக் கட்டப்போகும் கொந்திராத்துக்காரர், பின்னால் மாதர் சங்கத்து அக்கா. நான் அடி வரிக்குப் போனேன். மொத்தம் பத்தாயிரத்து நூற்றி நாற்பது சதுர அடி.

தலைவர் துண்டுப்பிரசுரத்தை எடுத்து, வேட்டியில் தெரிந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது என்ன கணக்கு?" என்றார் தலைவர்.

"அறைகளின்ர மொத்தம், ஐயா."

"பன்னிரண்டாயிரம் எண்டு அச்சடிச்சாச்சு. அதிலை பன்னிரண்டு எண்டு அடியும்."

"அடிக்க ஏலாது. அந்தப் பெட்டிக்குள்ள எழுத விடாது. கட்டடம் பெருத்தால்தான் எண் பெருக்கும்."

இதை அவர் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். கட்டளைக்குக் கீழ்ப்படியாத ஒன்றை அவர் இதுவரை சந்தித்ததில்லை, மனைவியைத் தவிர. பிறகு யோசனைகள் வந்தன. கிணற்றடியையும் சேர்க்கலாமே என்றார் ஒருவர். எல்லைக்கோடு போட்டு அதையும் அறை என்று பெயரிட்டால் கொம்பியூட்டர் மறுக்காமல் கூட்டும். ஆனால் கிணற்றை அறையாக்கிக் கையெழுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. பரப்பளவைச் சுவரின் உட்புறத்திலிருந்து அளக்காமல் சுவரின் நடுவிலிருந்து அளக்க ஒரு வழி உண்டு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். எல்லா வரிகளும் ஒரேயடியாக மாறி, மொத்தம் பத்தாயிரத்து அறுநூறுக்கு ஏறியது. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"எனக்கென்ன" என்றார் கொந்திராத்துக்காரர். "நான் இந்தக் கணக்குக்குத்தான் தரைக்கு மாபிள் எடுப்பன். சுவருக்குள்ளையும் மாபிள் பதிக்கச் சொன்னா பதிக்கிறன்."

உட்புற அளவுக்கே திருப்பினேன்.

அப்போதுதான் அண்ணை என்னைக் காப்பாற்றப் புறப்பட்டார். அந்த அட்டவணையை எக்செலுக்கு எடுத்து, அடியில் இருந்த எண்ணை அழித்து, 12,000 என்று தட்டினார். வேட்டியில் அது தடித்த எழுத்தில் தெரிந்ததும் தலைவரின் முகம் விரிந்தது. "இது வேலை தெரிஞ்ச மனிசன்" என்றார்.

கொந்திராத்துக்காரர் போனில் கணக்குப் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். "மொத்தம் பன்னிரண்டு எண்டு கிடக்கு. மேல உள்ளதைக் கூட்டினா பத்துத்தான் வருது. மிச்சத்தை எங்கை கட்டுறது?"

அண்ணை வேட்டியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

கொந்திராத்துக்காரர் விடவில்லை. கதவு அட்டவணைக்குப் போகச் சொன்னார். அதைத் தச்சனுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர்தானே. வரிவரியாகப் படித்துவந்தவர் ஒரு வரியில் நின்றார்.

"தங்கச்சி, முப்பத்தோராம் கதவு நடையிலையிருந்து தலைவரின்ர அறைக்குத் திறக்குது எண்டு போட்டிருக்கு. முப்பதாம் கதவும் அங்கைதான். ஒரு அறைக்கு ஏன் ரெண்டு கதவு? அதிலும் இது பிளாஸ்ரிக் கதவு. கக்கூசுக்குப் போடுறது."

நான் அறை அட்டவணையைத் திறந்து, பெரியதிலிருந்து சின்னதாக வரும்படி அடுக்கினேன். முதலில் மண்டபம். அடுத்து சாப்பாட்டுக்கூடம். மூன்றாவதாக, வாசிகசாலையையும் தாண்டி, தலைவர் அலுவலகம். கடைசி வரியில் பெண்கள் கழிப்பறை. பரப்பளவு இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தது.

"அதென்ன எழுதிக்கிடக்கு?" என்று பின்னாலிருந்து மாதர் சங்கத்து அக்கா கேட்டார். ஆள் மண்கும்பானில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"தேவைக்கு மிஞ்சின அறை எண்டு" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"கொம்பியூட்டர், அக்கா. நடுச்சுவரை எடுத்தாச்சு. சுவர் இல்லாட்டி அதுக்கு ரெண்டும் ஒரே இடம். ஒரு இடத்திலை ரெண்டு அறை இருக்கேலாது. அதாலை ஒண்டுக்கு முழுப் பரப்பையும் குடுத்திட்டு மற்றதை மிஞ்சினது எண்டு சொல்லுது."

"சுவரை ஆர் எடுத்தது?"

நான்தான் எடுத்தேன் என்று சொல்வது நேர்மை. ஆனாலும் என் கண் முன்வரிசைக்குப் போய்விட்டது. அக்காவின் கண்ணும் பின்தொடர்ந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தற்காலிகமா ஒரு ஒழுங்கு..."

"ஐயா, நாங்கள் சனத்துக்கு முன்னால உங்கட ஒபீசுக்குள்ள போய் இருக்கிறதோ?"

சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. பழைய சுவரை அதே இடத்தில் கூட்டத்தின் முன்னாலேயே கீறினேன். பதினெட்டு அடி நீளம், அரையடித் தடிப்பு. கழிப்பறைக்கு எண் திரும்பி வந்தது. முப்பத்தோராம் கதவு தன் அறையைத் திரும்பக் கண்டுபிடித்தது. தலைவரின் அறை பட்டியலில் வாசிகசாலைக்குக் கீழே, சமையலறைக்கும் கீழே இறங்கியது. இவ்வளவும் யாரும் தட்டாமல் நடந்தது. தலைவரோ இவை ஒன்றையும் பார்க்கவில்லை. அடி வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாயிரத்து நூற்றி முப்பத்தொன்று.

"இன்னும் ஒன்பது குறைஞ்சு போச்சு!" என்றார். உண்மையான வேதனை.

"அது சுவர் நிக்கிற இடம், ஐயா."

"அந்த ஒன்பதையும் எங்கட பேரிலை எழுதுங்கோ" என்றார் அக்கா. "நாங்கள் தாங்குவம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் உப்புக்காற்று அடிக்க, அண்ணை மோட்டார்சைக்கிளை மெதுவாக்கிச் சொன்னார்: "அந்த எச்சரிக்கைப் பெட்டியளை மூடாமல் ஒருக்கா எனக்கும் வாசிச்சுக் காட்டும்." அன்றிலிருந்து வாசித்துக் காட்டுகிறேன். சில நாள் அவர் கேட்கிறார். அட்டவணையையும் நான்தான் எடுக்கிறேன், அவர் புள்ளி வைத்து எண்ணிப் பார்க்கிறார். இரண்டும் ஒத்துவரும் நாள்களில் அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம்.

மண்டபம் கட்டி முடிந்தது. திறப்பு விழாவில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "பதினையாயிரம் சதுர அடியில் எழுந்து நிற்கும்" என்று தொடங்கினார். கனடாவிலிருந்து வந்திருந்தவர்கள் கண்கலங்கக் கைதட்டினார்கள். கொந்திராத்துக்காரரும் தட்டினார். நானும் தட்டினேன், தலைவரோடு யார் வாய் கொடுப்பது.

பேச்சு நீண்டுகொண்டே போனதால் எழுந்து பின்பக்கம் போனேன். பெண்கள் கழிப்பறை வாசலில் பதினைந்து பேர் வரிசை. எனக்கு முன்னால் மாதர் சங்கத்து அக்கா, பட்டுச்சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி.

"பிள்ளை" என்றார் திரும்பி, "நல்லாத்தான் கட்டியிருக்கு. அடுத்தமுறை ரெண்டாப் போடும்."