எச்சிலுக்கு மலாயில் சொல் தேடியவர்

ஜொகூரில் சாஆ என்ற ஊரின் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மூவார் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில் ஒருவர் மடிக்கணினியை முறைத்தபடி சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு காய்ப்பும் இல்லை. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

தமிழ்க் கதை ஒன்றை மலாயில் மொழிபெயர்க்கிறாராம். இதுதான் முதல் வேலை. மாலை ஐந்துக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கடைசி வரியில் சிக்கிவிட்டார். அதில், பகையாகிப்போன அண்ணன் தம்பியின் எச்சில் தேத்தண்ணியைக் குடிக்கிறான்.

“‘சிசா’ன்னு போட்டா வெறும் மிச்சம். ‘ஆயர் லியுர்’னா எச்சித் தண்ணி, அருவருப்பா இருக்கும். பதிப்பகத்துல அடிக்குறிப்பும் கூடாதுன்னுட்டாங்க.”

“அலமாக், ஒத்த வார்த்தைக்கா இந்தப் பாடு?” என்று அவருடைய போத்தலை எடுத்து, வாயில் படாமல் அண்ணாந்து குடித்தேன்.

காலரை விட்டார். “அண்ணே, இன்னொரு தடவ குடிங்க.”

எழுத்தாளரிடம் போனில் சம்மதம் வாங்கினார். பகை தொடங்கும் பக்கத்தில், அண்ணன் தம்பியின் குவளையில் உதடு படாமல் குடிப்பதாக ஒரு வரி சேர்த்தார். முடிவில், தம்பி வாய் வைத்த இடத்திலேயே அண்ணன் வாய் வைத்தான். எச்சில் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அனுப்பிவிட்டு எனக்குக் கோழிச்சோறு வாங்கித் தந்தார்.

“புத்தகத்துல உங்க பேரு வருமா?”

“வரும்ணே, சின்னதா.”

என் பெயர் எதிலும் வந்ததில்லை. பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை மூவாரில் ஒரு மரச்சாமான் பட்டறையில் நாற்காலிகளுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர் என் பெயரைக் கேட்டார், எழுதிக்கொள்ளவில்லை.